பழைய கம்பெனியிலிருந்து பிஎஃப் மாறவில்லையா? அக்கவுண்ட்ஸில் எதைக் கேட்க வேண்டும்

அம்பத்தூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் அக்கவுண்ட்ஸில் ஒன்பது வருஷமாக பிஎஃப் வேலையைப் பார்த்து வருகிறேன். வேலையை விட்டுப் போனவர்களிடமிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று மெயில் வரும். பெரும்பாலும் ஒரே வரிதான்: “சார், என் பிஎஃப்-ஐ புதுக் கம்பெனிக்கு மாற்றிக் கொடுங்க.”

அப்படி மாற்றிக் கொடுக்க எங்களிடம் வழி இல்லை. பணம் எங்களிடம் இல்லை, பிஎஃப் ஆபீஸில் இருக்கிறது. மாற்றச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டியவர் நீங்கள். கம்பெனி லாகினில் எங்களால் முடிவது நான்கு காரியம்: மாதாமாதம் பணம் கட்டுவது, நீங்கள் வெளியேறிய தேதியைப் போடுவது, உங்கள் மாற்ற விண்ணப்பம் எங்களிடம் வந்தால் ஒப்புதல் கொடுப்பது, பெயர் அல்லது தேதியைத் திருத்தும் கூட்டு உறுதிமொழியை மேலே அனுப்புவது. இந்த நான்கில் எது நின்றுபோயிருக்கிறது என்று கண்டுபிடித்து அதை மட்டும் கேட்டால் வேலை நடக்கும். பொதுவாகக் கேட்டால், “பார்க்கிறோம்” என்று பதில் வரும், அதோடு நிற்கும்.

## முதலில் மூன்று திரைகள்

மெயில் எழுதும் முன்பு unifiedportal-mem.epfindia.gov.in தளத்தில் உங்கள் யுஏஎன் எண்ணைப் போட்டு உள்ளே போங்கள்.

முதலாவது `View` > `Service History`. இதுவரை வேலை பார்த்த ஒவ்வொரு கம்பெனியும் ஒரு வரியாக இருக்கும். பழைய கம்பெனி வரியில், பிஎஃப்-இலிருந்தும் ஓய்வூதியத்திலிருந்தும் வெளியேறிய தேதியைக் காட்டும் `DOE EPF`, `DOE EPS` என்ற இரண்டு கட்டங்களைப் பாருங்கள். இரண்டிலும் தேதி இருக்க வேண்டும். ஒன்றில் தேதியும் மற்றொன்றில் `NOT AVAILABLE` என்றும் இருந்தால் அதுவும் குறைதான்.

இரண்டாவது பாஸ்புக். பழைய கம்பெனியின் மெம்பர் ஐடியைத் தேர்ந்தெடுத்து, கடைசியாக எந்த மாதத்துக்குப் பணம் ஏறியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது `Online Services` > `Track Claim Status`. ஏற்கனவே விண்ணப்பித்திருந்தால் அது எங்கே நிற்கிறது, நிராகரித்திருந்தால் என்ன காரணம் என்று இங்கே இருக்கும். அந்தக் காரணத்தை அப்படியே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அக்கவுண்ட்ஸுக்கு உங்கள் விளக்கத்தைவிட அந்த ஒரு வரிதான் உதவும்.

## அறிகுறி 1: வெளியேறிய தேதி இல்லை

எனக்கு வரும் மெயில்களில் பாதிக்கு மேல் இதுதான்.

வேலையை விட்டு இரண்டு மாதம் ஆகவில்லை என்றால்: பெரும்பாலும் தவறு எதுவும் நடந்திருக்காது. ஒரு மாதச் சம்பளத்துக்கான பிஎஃப்-ஐ அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டுவோம். கடைசி மாதப் பணத்தைக் கட்டிய பிறகு தேதி போடுவதுதான் பல இடங்களில் வழக்கம். 20-ஆம் தேதி வாக்கில் ஒரு முறை நினைவுபடுத்தினால் போதும்.

இரண்டு மாதம் தாண்டிவிட்டது, கடைசி மாதம் வரை பாஸ்புக்கில் பணம் இருக்கிறது என்றால்: அக்கவுண்ட்ஸையே தேட வேண்டாம். `Manage` > `Mark Exit` என்ற இடத்தில் நீங்களே தேதியைப் போடலாம். கடைசியாகப் பணம் ஏறிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும், ஆதாரோடு இணைந்த செல்போன் கையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு மாதம் தாண்டிவிட்டது, ஆனால் கடைசி மாதப் பணம் பாஸ்புக்கில் இல்லை என்றால்: இங்கே நில்லுங்கள், `Mark Exit`-ஐத் தொடாதீர்கள். அது கடைசியாகப் பணம் ஏறிய மாதத்துக்குள் இருக்கும் தேதியை மட்டும்தான் ஏற்கும்.

இதில் மாட்டிக்கொண்ட ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். எங்கள் கடைசல் பிரிவில் இருந்தவர். பிஎஃப் கணக்கிடும் சம்பளம் 15,000 ரூபாய். 2024 ஜூன் 14 அன்று வேலையை விட்டார், ஜூன் 24-இல் இன்னொரு இடத்தில் சேர்ந்தார். ஜூன் மாதத்தின் 14 நாள் சம்பளம் 7,000 ரூபாய் முழுக்கணக்கு முடிக்கும்போதுதான் வரும். அதை முடிக்க எங்களிடம் ஆகஸ்ட் கடைசி ஆகிவிட்டது. தாமதம் எங்கள் பக்கம்தான். அதற்குள் அவர் பொறுமை இழந்து, தானே தேதி போடப் போனார். கடைசியாகப் பணம் ஏறியது மே மாதத்துக்கு. எனவே மே மாதத் தேதிகளைத்தான் தளம் ஏற்றது. அவரும் 31-05-2024 என்று போட்டு முடித்துவிட்டார்.

நாங்கள் ஜூன் பணத்தைக் கட்டப் போனபோது, மே மாதமே வெளியேறியவருக்கு ஜூனில் எப்படிக் கட்டுவது என்று அது நின்றது. தொகை சிறியது: அவர் பங்கு 840, கம்பெனி பங்கு 840, அதில் 583 ஓய்வூதியத்துக்குப் போகும். ஆனால் அதைக் கட்டுவதற்கு வெளியேறிய தேதியை முதலில் திருத்த வேண்டும். அதற்குக் கூட்டு உறுதிமொழி, எங்கள் ஒப்புதல், பிறகு பிஎஃப் ஆபீஸின் ஒப்புதல். ஒரு மெயிலில் முடிய வேண்டியது நான்கு மாதம் இழுத்தது.

எனவே இந்த நிலையில் அக்கவுண்ட்ஸிடம் இரண்டைக் கேளுங்கள், வரிசையை மாற்றாமல்: முதலில் கடைசி மாதப் பணம், பிறகு தேதி. மெயில் இப்படி இருக்கட்டும்:

> வணக்கம் சார்,
>
> நான் கடைசல் பிரிவில் வேலை பார்த்தேன். பணியாளர் எண் ____. யுஏஎன் ____. மெம்பர் ஐடி ____. கடைசி வேலை நாள் 14-06-2024.
>
> பாஸ்புக்கில் மே 2024 வரை பணம் ஏறியிருக்கிறது. ஜூன் மாதத்தின் 14 நாளுக்கு ஏறவில்லை. அதை இந்த மாத இசிஆர்-இல் சேர்த்துக் கட்டிவிட்டு, வெளியேறிய தேதியை 14-06-2024 என்று போட்டுத் தர வேண்டுகிறேன். DOE EPF, DOE EPS இரண்டிலும் தேதி வர வேண்டும்.
>
> வேலை விடுவிப்புக் கடிதமும் பாஸ்புக் பக்கமும் இணைத்திருக்கிறேன்.

இசிஆர் என்பது நாங்கள் மாதாமாதம் யாருக்கு எவ்வளவு என்று ஏற்றும் கணக்குப் பட்டியல். மெம்பர் ஐடி என்பது யுஏஎன் அல்ல. யுஏஎன் 12 இலக்கம், வாழ்நாள் முழுக்க ஒன்றுதான். மெம்பர் ஐடி கம்பெனிக்குக் கம்பெனி மாறும், 22 எழுத்து, சென்னையில் பதிவான கம்பெனிகள் பலவற்றுக்கு TNMAS என்று தொடங்கும். இரண்டையும் எழுதினால் நாங்கள் தேட வேண்டியதில்லை.

எழுதும் நாளும் முக்கியம். 1 முதல் 15 வரை சம்பளம், 7-ஆம் தேதி டிடிஎஸ், 15-ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ என்று எங்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. அந்த நாட்களில் வரும் மெயில் அடியில் போய்விடும், வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. 17-க்கு மேல் அனுப்புங்கள். மூன்று நாள் கழித்து மதியம் மூன்று மணிக்கு மேல் ஒரு போன் போடுங்கள்.

## அறிகுறி 2: விண்ணப்பம் கம்பெனியிடம் நிற்கிறது

`One Member – One EPF Account (Transfer Request)` வழியாக விண்ணப்பித்திருப்பீர்கள். வாரக்கணக்கில் நிலை மாறாமல் கம்பெனியின் ஒப்புதலுக்குக் காத்திருப்பதாகக் காட்டும்.

எளிய காரணம்: விண்ணப்பத்தில் ஒப்புதல் தருபவராகப் பழைய கம்பெனியைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். பழைய கம்பெனி, இப்போதைய கம்பெனி இரண்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பழைய இடத்தில் உங்களுக்காக எழுந்து போய்ப் பார்க்க ஆள் இல்லை. புது இடத்தில் நீங்களே அந்த மேசைக்கு நடந்து போகலாம். எனவே புதிய கம்பெனியைத் தேர்ந்தெடுப்பதுதான் நல்லது.

அடுத்த காரணம்: பழைய கம்பெனியில் கையெழுத்து அதிகாரம் உள்ளவர் வேலையை விட்டிருப்பார், அல்லது அவருடைய டிஜிட்டல் கையெழுத்தின் காலம் முடிந்திருக்கும். பென்டிரைவ் மாதிரி இருக்கும் அந்த டோக்கன் இல்லாமல், மேசையில் இருக்கும் எங்களால் ஒப்புதல் தர முடியாது. எங்கள் மேலாளர் ஓய்வுபெற்றபோது இரண்டு மாதம் ஒரு விண்ணப்பமும் நகரவில்லை. “ஏன் தாமதம்” என்று கேட்காமல், “டிஜிட்டல் கையெழுத்து நடப்பில் இருக்கிறதா, இல்லையென்றால் எப்போது புதுப்பிப்பீர்கள்” என்று கேளுங்கள். அதற்கு ஆம், இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து பெரும்பாலான மாற்றங்களுக்குக் கம்பெனி ஒப்புதலே தேவையில்லை. யுஏஎன் 2017 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு வாங்கியதாக இருந்து ஆதாரோடு இணைந்திருந்தால் விண்ணப்பம் நேராக பிஎஃப் ஆபீஸுக்குப் போகும். அதற்கு முந்தைய யுஏஎன் என்றால், ஆதார் இணைப்போடு, பெயரும் பிறந்த தேதியும் பாலினமும் எல்லா மெம்பர் ஐடியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். எனவே இப்போது உங்கள் விண்ணப்பம் கம்பெனி பக்கம் திரும்பினால், இவற்றில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்று சந்தேகப்படுங்கள். அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி 3: பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் பொருந்தவில்லை என்று நிராகரித்தார்கள்

நம் ஊரில் இது இனிஷியலால் வருவது. சேரும் நாளில் படிவத்தில் எஸ். கார்த்திக் என்று எழுதுவோம். ஆதாரில் கார்த்திக் எஸ் என்று இருக்கும். அடுத்த கம்பெனிக்காரர் பான் கார்டைப் பார்த்து கார்த்திக் சுப்பிரமணியன் என்று ஏற்றியிருப்பார். நமக்கு மூன்றும் ஒரே ஆள், கணினிக்கு மூன்று பேர். திருமணமான பெண்களுக்கு அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கணவர் பெயர் ஏறியிருப்பதும் அடிக்கடி பார்ப்பதுதான்.

முதலில் ஆதார். திருத்தம் எல்லாம் ஆதாரை ஒட்டித்தான் நடக்கும். ஆதாரிலேயே பிழை என்றால் அதைச் சரிசெய்த பிறகு மற்றதைத் தொடுங்கள்.

பிறகு உங்கள் லாகினில் திருத்தம். ஆதார் உறுதிசெய்யப்பட்ட, 2017 அக்டோபருக்குப் பிந்தைய யுஏஎன் என்றால் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் போன்றவற்றை இப்போது நீங்களே ஆவணம் இல்லாமல் திருத்திக்கொள்ளலாம்.

அது முடியாவிட்டால் கூட்டு உறுதிமொழி. உறுப்பினர் தொடங்கி, கம்பெனி ஒப்புதல் தந்து, பிஎஃப் ஆபீஸ் முடிவு செய்யும் விண்ணப்பம் இது. இங்கேதான் பலர் அலைகிறார்கள். பழைய மெம்பர் ஐடியில் இருக்கும் பிழையைப் புதிய கம்பெனியால் திருத்த முடியாது. தன்னுடைய ஐடி மட்டும்தான் ஒரு கம்பெனியின் கைக்கு எட்டும். சேர்ந்த தேதியும் வெளியேறிய தேதியும் அப்படித்தான். இந்த இடத்தில் பழைய அக்கவுண்ட்ஸை விட்டால் வேறு வழியில்லை.

அவர்களிடம் கேட்கும்போது, இப்போது என்ன இருக்கிறது, என்னவாக மாற வேண்டும், அதற்கு என்ன ஆவணம் என்று மூன்றையும் ஒரே மெயிலில் கொடுங்கள். நாங்கள் ஒப்புதல் தருவது எங்கள் பதிவேட்டைப் பார்த்துத்தான். நீங்கள் சேர்ந்தபோது கொடுத்த படிவத்தில் பழைய எழுத்து இருந்தால் எங்களுக்குத் தயக்கம் வரும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோ பாஸ்போர்ட்டோ கூட இருந்தால் தயக்கம் போய்விடும்.

கம்பெனியே மூடிவிட்டால்: கூட்டு உறுதிமொழியில் கம்பெனிக்குப் பதிலாக அரசிதழ் பதிவு அதிகாரி, உங்கள் கணக்கு இருக்கும் வங்கியின் மேலாளர், போஸ்ட் மாஸ்டர் போன்றவர்கள் சான்றொப்பம் இடலாம். நேராக பிஎஃப் ஆபீஸில் கொடுக்க வேண்டும். பழைய சம்பளச் சீட்டுகளும் வேலை நியமனக் கடிதமும் இருந்தால் எடுத்துப் போங்கள்.

## அறிகுறி 4: பழைய கம்பெனி சொந்த டிரஸ்ட் வைத்திருந்தது, பணம் வந்து சேரவில்லை

பெரிய கம்பெனிகள் சில, பிஎஃப் பணத்தைத் தாங்களே ஒரு டிரஸ்ட் வைத்து நிர்வகிக்கும். அங்கே வேலை பார்த்தவர்களின் பிஎஃப் இருப்பு வழக்கமான பாஸ்புக்கில் தெரியாது, டிரஸ்ட் தரும் வருடாந்தரச் சீட்டில் இருக்கும். முன்பு நான் சொன்னது இங்கே தலைகீழ்: பணம் உண்மையிலேயே பழைய கம்பெனியின் கையில் இருக்கிறது. எனவே அவர்களை விடாமல் கேட்பது நியாயம்தான்.

விண்ணப்பம் டிரஸ்டுக்குப் போனதும் அவர்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும். பணத்தை அனுப்ப வேண்டும், கூடவே இணைப்பு கே என்ற விவரச்சீட்டை அனுப்ப வேண்டும். யார், எந்த ஐடியிலிருந்து எந்த ஐடிக்கு, எவ்வளவு, எத்தனை வருட சேவை என்று எல்லாம் அந்தச் சீட்டில்தான் இருக்கும். நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலும் பணம் போயிருக்கும், சீட்டு போயிருக்காது. அல்லது சீட்டில் புதிய மெம்பர் ஐடியில் ஓர் எண் தவறியிருக்கும். பணம் பிஎஃப் ஆபீஸை அடைந்தும், யாருடையது என்று தெரியாமல் கணக்கில் ஏறாமல் கிடக்கும்.

“அனுப்பிவிட்டோம்” என்று பழைய கம்பெனி சொன்னால், மூன்று தகவல் வாங்குங்கள்: அனுப்பிய தேதியும் தொகையும், வங்கிப் பரிமாற்றத்தின் யுடிஆர் எண், இணைப்பு கே-யின் நகல். நகலில் உங்கள் புதிய மெம்பர் ஐடியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஐடி சரியாக இருந்து, ஒரு மாதம் ஆகியும் பாஸ்புக்கில் ஏறாவிட்டால், இனி வேலை பிஎஃப் ஆபீஸில். இந்த மூன்றையும் இணைத்து epfigms.gov.in தளத்தில் புகார் போடுங்கள்.

## அறிகுறி 5: சம்பளத்தில் பிடித்தார்கள், பாஸ்புக்கில் சில மாதம் இல்லை

மாற்ற விண்ணப்பம் போடும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். சம்பளச் சீட்டுகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு மாதத்துக்கும் பாஸ்புக்கில் டிக் அடித்துக்கொண்டே வாருங்கள். 15,000 சம்பளத்துக்கு உங்கள் பங்கு 1,800, கம்பெனி பங்கில் பிஎஃப்-க்கு 550, ஓய்வூதியத்துக்கு 1,250 என்று மூன்று தொகை ஒரு வரியில் இருக்கும்.

விடுபட்டது கடைசி மாதம் மட்டும் என்றால் அறிகுறி 1-இல் சொன்னதுதான். நடுவில் ஒரு மாதம் விடுபட்டிருந்தால், அந்த மாத இசிஆர்-இல் உங்கள் வரி தவறிப்போயிருக்கலாம். எங்களுக்கும் ஒரு முறை நடந்திருக்கிறது. அக்கவுண்ட்ஸிடம் அந்த மாதத்தின் டிஆர்ஆர்என் எண்ணையும் இசிஆர்-இல் உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தையும் கேளுங்கள். டிஆர்ஆர்என் என்பது பணம் கட்டிய சலானின் அடையாள எண். பணம் கட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடலாம். கொடுக்க முடியவில்லை என்றால் கட்டவில்லை என்று பொருள்.

மூன்று நான்கு மாதம் சேர்ந்தாற்போல் இல்லையென்றால், கேட்டுக் கேட்டு நாளைக் கடத்த வேண்டாம். உங்கள் சம்பளத்தில் பிடித்ததை அவர்கள் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. எழுத்தில் ஒரு மெயில் அனுப்புங்கள், 15 நாள் பாருங்கள், பிறகு சம்பளச் சீட்டும் பாஸ்புக்கும் வைத்து புகார் போடுங்கள். தாமதத்துக்குக் கம்பெனியிடமிருந்து ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் அதற்கு மேல் தண்டத்தொகையும் வசூலிக்க பிஎஃப் ஆபீஸுக்குச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் நிதி ஆப்கே நிகட் என்ற குறைதீர்ப்பு முகாம் நடக்கும். அங்கே போனால் அதிகாரியிடம் நேரிலேயே காகிதத்தைக் காட்டலாம். கம்பெனி நொடித்துப்போய் நிலுவை பல பேருக்கு, பல வருடத்துக்கு என்றால் மட்டும் தொழிலாளர் வழக்குப் பார்க்கும் வக்கீலைப் பாருங்கள். ஓர் ஆளின் இரண்டு மாத நிலுவைக்குத் தேவையில்லை.

விடுபட்ட பணம் வரும் வரை மாற்றத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். இருப்பதை மாற்றிக்கொள்ளலாம். பிறகு பழைய ஐடியில் பணம் ஏறும்போது, அதற்கு இன்னொரு முறை விண்ணப்பம் போட வேண்டும். அது தானாக வராது.

## அறிகுறி 6: பணம் வந்துவிட்டது, ஓய்வூதியக் கட்டத்தில் சைபர்

இதற்காகப் பதறிப்போய் எனக்கு போன் செய்பவர்கள் நிறைய. மாறி வருவது உங்கள் பங்கும், கம்பெனி பங்கில் பிஎஃப்-க்குப் போன பகுதியும் மட்டும்தான். ஓய்வூதியத்துக்குப் போன பணம் தொகையாக இடம் மாறாது, வேலை பார்த்த காலம்தான் மாறும். எனவே புதிய பாஸ்புக்கில் அந்தக் கட்டம் 0 என்று இருப்பது சரியே. பார்க்க வேண்டியது இணைப்பு கே. பழைய கம்பெனியின் சேவைக் காலம் அதில் சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்து, அந்தத் தாளைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.